பால் டிப்போவின் முதல் கேள்வி

நான் எழுதி அச்சில் வந்த முதல் எழுத்து கவிதை இல்லை, கதையும் இல்லை. பால் பாக்கெட்டைப் பற்றிய ஒன்பது கேள்விகளும் ஒன்பது பதில்களும். அதைப் படித்துவிட்டு ஒரே தெருவில் பதினேழு பேர் பாலை நிறுத்தினார்கள். எழுத்துக்கு வலிமை உண்டு என்று கல்லூரியில் சொன்னபோது நான் நம்பியதில்லை. அந்த வாரம் நம்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தமிழில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கடிதம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பாளையங்கோட்டையில் ஒரு பால் பண்ணையின் நகர அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் பாலைப் பண்ணையில் குளிரவைத்து, கேன்களில் ஊற்றி, விடியற்காலையில் வேனில் ஏற்றி டிப்போக்களில் இறக்குவார்கள். டிப்போ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கூரை, ஒரு மரப்பலகை, இரண்டு அளவைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண். மாத அட்டை வைத்திருப்பவர்கள் தூக்குவாளியோ செம்போ கொண்டுவந்து நீட்டுவார்கள். அட்டையில் அன்றைய தேதியை அடித்துவிட்டு, அரை லிட்டர் அளவையால் மொண்டு ஊற்றுவார்கள்.

இது மாறப்போகிறது என்று ஒருநாள் மேலாளர் வந்து சொன்னார். பண்ணைக்குப் புது இயந்திரம் வந்திருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் கேன் கிடையாது, அளவை கிடையாது. அரை லிட்டர் பாக்கெட் மட்டும்தான். மேலாளர் பால் தொழில் படித்தவர். அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது முதல் பேரனைப் பார்த்துவிட்டு வந்தவர்போல முகம் மலர்ந்துவிடும்.

“கேள்வி பதிலா ஒரு நோட்டீஸ் எழுதும்மா. ஜனங்க என்னென்ன கேப்பாங்களோ அத்தனையும் அதுல இருக்கணும். நீ தமிழ் படிச்ச பிள்ளைலா” என்றார்.

தமிழ் படித்த பிள்ளை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மக்கள் என்ன கேட்பார்கள் என்று மக்களைத் தவிர எல்லாரிடமும் கேட்டது. மேலாளரைக் கேட்டேன், கணக்கரைக் கேட்டேன், பண்ணையிலிருந்து வந்த ஆங்கிலக் கையேட்டையும் புரட்டினேன். மிஞ்சியதைக் கற்பனை செய்துகொண்டேன். பெரிய பயத்தை முதலிலேயே அடித்து வீழ்த்திவிட வேண்டும் என்பது என் திட்டம். ஆகவே முதல் கேள்வியை இப்படி எழுதினேன்: ‘பாக்கெட் பாலால் உடலுக்குக் கெடுதல் ஏதும் உண்டா?’ பதில்: ‘கிடையாது. இப்பால் எழுபத்திரண்டு டிகிரியில் பதினைந்து நொடிகள் சூடாக்கப்பட்டு உடனே குளிரூட்டப்படுவதால் கிருமிகள் அழிகின்றன.’ இரண்டாவது கேள்வி, பதப்படுத்துதல் என்றால் என்ன. மூன்றாவது, இயந்திரத்தின் சிறப்புகள் யாவை. பால் எத்தனை மணிக்கு வரும் என்பது எட்டாவதோ ஒன்பதாவதோ. மேலாளர் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோஸ் தாளில் அச்சடித்து, டிப்போ டிப்போவாகக் கொடுத்து அனுப்பினோம்.

மூன்றாம் நாள் பகலில் ஒரு டிப்போ அக்கா அலுவலகத்துக்குள் வந்தார். நாற்பது வயதிருக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் ஆறு வருடமாக டிப்போ நடத்திக்கொண்டிருந்தவர். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவர். அந்த டிப்போ அக்காவுடையது. யார் பெயரைச் சொல்லியும் வாங்கியதில்லை, தானே கேட்டு, தானே நடத்தியது. வந்தவர் நேராக என் மேசைமேல் ஒரு கட்டு அட்டையை வைத்தார்.

“ஏளா, இந்த ரோசுத் தாள எழுதுனது யாரு?”

“நான்தான்க்கா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“நீயா? பாத்தா புள்ளப்பூச்சி மாதிரி இருக்க. பதினேழு அட்டை. பூராம் திருப்பிக் குடுத்துட்டுப் போய்ட்டாவ.”

எனக்குப் புரியவில்லை. அக்கா தாளை விரித்து முதல் வரியில் விரலை வைத்தார்.

“கெடுதல் உண்டான்னு போட்டிருக்கியே, இத யாரு உங்கிட்ட கேட்டா? எங்க தெருவுல ஒருத்தரும் கேக்கல. இப்ப எல்லாரும் கேக்காவ. நெருப்பில்லாம பொகையுமா, கெடுதல் இல்லாமயா கம்பெனிக்காரனே கேட்டிருக்கான்னு சொல்லுதாவ. கைப்பிள்ளக்காரி ஒருத்திதான் மொத ஆளா அட்டையக் கொண்டாந்து போட்டா.”

“அடுத்த வரியிலேயே கிடையாதுன்னு எழுதியிருக்கேனேக்கா.”

“அடுத்த வரிய யாரு படிச்சா? அதுக்குள்ள அடுப்புல உலை கொதிக்குல்லா.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். இரண்டு வரி படிக்க முடியாதா இவர்களுக்கு என்று பல்லைக் கடித்தேன். அப்போது மேலாளர் தம் அறையிலிருந்து வந்து அட்டைகளைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. புது ஏற்பாட்டில் வேன் ஐம்பது அட்டையாவது உள்ள டிப்போவில்தான் நிற்கும். குறைந்தால் அந்த டிப்போவைப் பக்கத்துத் தெரு டிப்போவோடு சேர்த்துவிடுவார்கள். அக்காவிடம் அறுபத்து மூன்று அட்டை இருந்தது. இப்போது நாற்பத்தாறு.

“முப்பதாம் தேதி காலைக் கணக்குத்தான்மா கணக்கு. பண்ணையில சொல்லிட்டாங்க, என் கையில இல்ல” என்றார் மேலாளர்.

அக்கா சத்தம் போட்டிருந்தால் தேவலை. அட்டைக் கட்டுக்கு ரப்பர் வளையத்தை மறுபடி போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கம் வந்தது. நான் ஜோடித்து எழுதிய ஒரு வாக்கியம் இன்னொருத்தியின் ஆறு வருடத்தைத் தின்னப்போகிறது.

“நாளைக்குக் காலையில டிப்போவுக்கு வாரேன்க்கா” என்றேன்.

“எதுக்கு? மிச்சம் இருக்க நாப்பத்தாறயும் விரட்டவா?” என்றார் அக்கா. ஆனால் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, “அஞ்சு மணிக்கு வந்துரு. பிந்துனா கேன் காலியாயிரும்” என்றார்.

மறுநாள் காலை பலகைக்குப் பக்கத்தில் ஒரு காலி கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். மடியில் ஒரு நோட்டு. எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். வருகிற ஆள் எத்தனை கேட்டாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவதை மட்டும் எழுத வேண்டும். நானாக எதையும் கேட்கக் கூடாது, விளக்கவும் கூடாது. இரண்டாவது விதி எனக்குப் பெரிய தண்டனை. விளக்காமல் இருந்து எனக்குப் பழக்கம் இல்லை.

“இந்தப் பிள்ள யாரு?” என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

“கம்பெனிப் பிள்ள. உங்க சந்தேகத்த எல்லாம் எழுதிட்டுப் போவ வந்திருக்கு. கேளுங்க, வாயத் தொறக்காது” என்று அக்கா எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தார்.

முதலில் வந்தவர் வாளியை நீட்டிக்கொண்டே கேட்டார்: “ஒண்ணாந்தேதியும் இதே நேரத்துக்குத்தான் வருமா? அவுஹ ஆறு மணி பஸ்ஸுக்குப் போவணும். காப்பி இல்லாம அனுப்ப முடியாது.” அடுத்தவரும் அதையே கேட்டார். அதற்கடுத்தவர், இதே இடம்தானா, வேறு தெருவுக்குப் போக வேண்டுமா என்றார். பை கிழிந்து ஒழுகினால் யார் தலையில் விழும் என்று ஒருவர். தயிர் உறையுமா என்று நான்கு பேர். கோயிலுக்குப் பால் எடுக்கும் ஒரு பெரியவர், பையில் வருவது அபிஷேகத்துக்கு ஆகுமா என்றார். அடுத்த தெருவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அம்மா, “பெருநாளைக்குக் கூட நாலு பை வேணும்னா எத்தன நாளைக்கு முந்திச் சொல்லணும்?” என்று கேட்டுவிட்டு, நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, “சரியா எழுதிக்கோ, நாலு இல்ல, அஞ்சு” என்றார்.

நான் அங்கே உட்கார்ந்திருந்த மூன்று நாளும் எழுபத்திரண்டு டிகிரியைப் பற்றி ஒரு ஆத்மாகூடக் கேட்கவில்லை. இயந்திரத்தின் சிறப்பைப் பற்றி அந்த இயந்திரத்துக்கே அக்கறை இல்லை போலிருந்தது. கெடுதலைப் பற்றிக் கேட்டவர்களும், “நோட்டீசுல போட்டிருந்தியளே” என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார்கள்.

இரண்டாம் நாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். பாலில் கொழுப்புச் சத்து எத்தனை சதவீதம், எந்தத் தரத்துப் பிளாஸ்டிக் என்று கம்பீரமாகப் பத்து நிமிடம் விசாரித்தார். ஒருவர் முதலில் கேட்பதுதான் அவர் கவலை என்று நான் கொழுப்புச் சத்தை எழுதிக்கொண்டேன். அவர் செம்பை எடுத்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தார். பிறகு மெல்லத் திரும்பிவந்து, குரலைத் தாழ்த்தி அக்காவிடம் கேட்டார்.

“கடைசியில ஒரு சொட்டு சேத்து ஊத்துவியே. அது?”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பொறி தட்டியது. அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அளவை கவிழ்ந்த பிறகும் ஒருவர்கூடப் பாத்திரத்தை உடனே இழுப்பதில்லை. ஒரு நொடி அப்படியே பிடித்திருக்கிறார்கள். அக்கா கேனிலிருந்து இன்னும் ஒரு கை மொண்டு, தாராளமாக ஒரு சுழற்று சுழற்றி ஊற்றுகிறார். கொசுறு. அது விழுந்த பிறகுதான் வாளி நகர்கிறது. அதை யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். கேட்டால் அல்பம் என்று நினைத்துவிடுவார்களே என்ற மானம். ஆகவே கொழுப்பைக் கேட்கிறார்கள், பிளாஸ்டிக்கைக் கேட்கிறார்கள், கடைசியில் போகிறபோக்கில் இதைக் கேட்கிறார்கள். என் விதியில் ஓட்டை இருந்தது. நோட்டில் நடுவே கோடு போட்டு, ‘போகும்போது கேட்டது’ என்று இன்னொரு பத்தி தொடங்கினேன். மூன்றாம் நாள் முடிவில் அந்தப் பத்தியில் கொசுறு மட்டும் பதினொரு தடவை இருந்தது.

அலுவலகத்தில் புதிய தாளை நீட்டினேன். முதல் கேள்வி: ‘ஒன்றாம் தேதி பால் எத்தனை மணிக்கு, எங்கே கிடைக்கும்?’ பதில்: ‘வழக்கம்போல காலை ஐந்து மணிக்கு, இதே டிப்போவில், இதே அட்டைக்கு.’ மேலாளர் புருவத்தைத் தூக்கினார்.

“இவ்வளவு பெரிய மெஷின் வந்திருக்கு, நீ மணியக் கேக்கியேம்மா.”

“நான் கேக்கல சார். அவங்க கேக்காங்க.”

இரண்டாவது கேள்வியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘கடைசியில் ஊற்றும் கொசுறு இனி உண்டா?’ பதில்: ‘கிடையாது. பை பண்ணையிலேயே ஒட்டி வருவதால் சேர்த்து ஊற்ற வழியில்லை. பைக்குள் அரை லிட்டர் குறையாமல் இருக்கும்.’

“கம்பெனி நோட்டீசுல கொசுறா? ஏதோ கத்திரிக்கா வியாபாரம் மாதிரி இருக்கு.”

பிறகு, போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். அளவையில் நுரையும் சேர்ந்து ஏறும், பாக்கெட்டில் நுரை கிடையாது, ஆகவே மக்களுக்கு லாபமே என்று. சொன்னது உண்மைதான். ஆனால் அதை அச்சில் போட்டால் ஆறு வருடமாக அக்கா நுரையை அளந்து ஊற்றினார் என்று தெரு பேசும். நுரையால் குறைகிற பாலை எல்லாம் அவர் கொசுறில் ஈடுகட்டியதை நான் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

“அந்த வரி வேண்டாம் சார். அத எழுதுறதா இருந்தா வேற ஆளப் பாத்துக்கோங்க” என்றேன். தற்காலிக எழுத்தருக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று எனக்கே தெரிந்தது.

அவர் என்னையே பார்த்தார். பேச்சை மாற்ற நினைத்து, “சார், பாக்கெட் வரப்போகுதுன்னதும் உங்க வீட்ல மொத என்ன கேட்டாங்க?” என்றேன்.

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பை மேல எத்தன கை படும், கழுவிட்டு வெட்டணுமான்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எழுபத்திரண்டு டிகிரின்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கணக்கரும் பேரேட்டுக்குப் பின்னால் சிரித்தார். நுரை வரி போயிற்று, பையைக் கழுவும் கேள்வி சேர்ந்தது. கிழிந்த பைக்கு அங்கேயே மாற்றுப் பை. பாலை எப்போதும்போலக் காய்ச்சிக் குடியுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்றினால் தயிர் உறையும். இது பால் மட்டும்தான், வேறெதுவும் சேர்க்கவில்லை, அபிஷேகத்துக்கு ஆகுமா என்பதைக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். விசேஷ நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். கடைசியில், மேலாளரின் மனம் நோகாமல் இருக்க, பதப்படுத்துதல் என்றால் என்ன. கெடுதல் கேள்வியை அடியோடு எடுத்துவிட்டேன். எடுத்ததில் எனக்கு அவ்வளவு திருப்தி.

புது நோட்டீஸ் மஞ்சள் தாளில் அச்சாகித் தெருவுக்குப் போனது. அக்கா அதை ஆளாளுக்குக் கொடுக்கவில்லை, பலகைக்கு முன்னால் நின்று உரக்க வாசித்தார். கொசுறு வந்ததும் வரிசையில் சிரிப்பு வெடித்தது. “கொசுறுக்கும் பதில் போட்டிருக்காம்பா கம்பெனி!” என்று ஒருவர் அடுத்தவரைத் தட்டினார். தலைமையாசிரியர் தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து படித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

“கொசுறு இல்லன்னு ஒத்துக்கிடுதவன் மத்ததுல பொய் சொல்ல மாட்டான்.”

அன்றைக்கு ஒருவர் தம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார், மறுநாள் இரண்டு பேர். எனக்கு டிப்போவுக்குப் போக வேண்டிய வேலை இல்லை. ஆனாலும் தினமும் போய்க் கவிழ்த்த கேன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இருபத்தொன்பதாம் தேதி அட்டை நாற்பத்தொன்பதில் வந்து நின்றுவிட்டது. மாடு கறக்கிறவரிடம் மாறிப்போன மற்றவர்கள் அசையவில்லை.

முப்பதாம் தேதி காலை மேலாளரே ஸ்கூட்டரில் பதிவேட்டோடு வந்துவிட்டார். வரிசை கரைந்தது. கேனில் அடிப்பால்தான் இருந்தது. அக்கா அளவையை வழக்கத்தைவிட மெதுவாகக் கழுவினார். நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. ஒரு ரோஸ் தாளும் ஒரு மஞ்சள் தாளும் இருந்தன. அக்கா என் காதருகே, “இவதாம்ளா, மொத அட்டையத் திருப்பித் தந்தவ” என்றார்.

அவள் இரண்டு தாளையும் பலகைமேல் பக்கம் பக்கமாக வைத்தாள்.

“இத எழுதுனது நீங்கதான?” என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

“ரோசுத் தாளுல கெடுதல் உண்டான்னு ஒரு கேள்வி இருந்துச்சு. மஞ்சத் தாளுல அதக் காணல. அது எங்க போச்சு? எதுக்கு மறைச்சிய?”

மேலாளர் என்னைப் பார்த்தார். எழுபத்திரண்டு டிகிரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“மறைக்கலக்கா. அந்தக் கேள்விய யாரும் கேக்கல. ஆபீசுல உக்காந்துக்கிட்டு நானா நினைச்சி எழுதுனேன். இங்கன வந்து கேட்ட பிறகுதான் தெரிஞ்சது. தப்பு எம்மேலதான். பாலுல ஒரு தப்பும் இல்ல.”

“நீங்களா எழுதுனதா?”

“நானாத்தான்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளை ரோஸ் தாளை எட்டிப் பிடித்து வாயில் வைக்கப் போனது. அவள் அதைப் பிடுங்கிக் கசக்கிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

“அட ஆண்டவா. இத்தன நாளா மாட்டுக்காரர்கிட்ட தண்ணிப்பால வாங்கிட்டு, ராத்திரி பூரா இதையே யோசிச்சிட்டுக் கெடந்தேன். இத மொதல்லயே எழுதிருக்கலாம்லா?”

அவள் அட்டைக்குக் கையை நீட்டினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எதையும் அடக்கவில்லை. மேலாளர் பதிவேட்டில் ஐம்பது என்று எழுதி, பக்கத்தில் பெரிதாகக் கையெழுத்தும் போட்டார். அக்கா அட்டையை எழுதி முடிக்கும்வரை தலையைத் தூக்கவே இல்லை. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு அவளிடம் கொடுத்தார்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துரு. பாத்திரம் கீத்திரம் வேண்டாம், கைய வீசிக்கிட்டு வா.”